90 சதவீதம் முடிந்தது என்று சொன்ன வேலைக்கு மீதி எவ்வளவு?

கீழ்வரி · மார்ச் 4, இரவு 10.50

நேரடியாகக் கேட்கிறேன். பழைய வாடிக்கையாளர் பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. மொத்தம் 1,20,000 பதிவுகள், போட்ட திட்டம் 20 வேலை நாள். 12ஆம் நாள் மாலை கூட்டத்தில் எவ்வளவு முடிந்தது என்று கேட்டார்கள். அன்று காலை 1,08,000 பதிவுகள் ஏறியிருந்தன. 90 சதவீதம், இன்னும் மூன்று நாள் என்றேன். பாராட்டினார்கள். வேலை முடிந்தது 41ஆம் நாள்.

நான் பொய் சொல்லவில்லை. 1,08,000ஐ 1,20,000ஆல் வகுத்தால் 90தான் வரும். பிறகு எங்கே தவறு? என்ன சொல்லியிருக்க வேண்டும்?

சும்மாபார்வை · மார்ச் 4, இரவு 11.15

எனக்கும் இதே தொல்லை. பெரிய கோப்புறையை நகலெடுத்தால் பட்டை 99இல் நின்றுவிடுகிறது. கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?

கீழ்வரி · மார்ச் 4, இரவு 11.20

நான் கேட்டது என் வாயிலிருந்து வந்த 90ஐப் பற்றி, திரையில் வருவதைப் பற்றி அல்ல. என்னை அணைத்துப் போட்டாலும் பயனிருந்திருக்காது.

அரைக்கிணறு · மார்ச் 5, காலை 7.30

உங்கள் மதிப்பீடு தவறு, அவ்வளவுதான். எதையும் இரண்டால் பெருக்கிச் சொல்லுங்கள். 20 நாள் என்றால் 40 நாள். பார்த்தீர்களா, 41க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

மீதிக்கணக்கு · மார்ச் 5, காலை 8.45

20 நாள் என்ற மதிப்பீடு தவறாக இருக்கலாம், அது வேறு வழக்கு. இவர் கேட்பது 12ஆம் நாள் சொன்ன வாக்கியத்தைப் பற்றி. 40 நாள் என்று திட்டம் போட்டிருந்தாலும் அன்று மாலை இவர் 90 என்றுதான் சொல்லியிருப்பார்.

கீழ்வரி, அந்த 29 நாளில் என்ன செய்தீர்கள் என்று நாள் கணக்கோடு எழுதுங்கள். பதில் அதற்குள் இருக்கும்.

கீழ்வரி · மார்ச் 5, இரவு 9.10

குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன்.

ஏறாமல் நின்ற 12,000 பதிவுகளில் 7,000க்குத் தேதி கோளாறு. பழைய நிரலில் பிறந்த தேதி தெரியாவிட்டால் `0000-00-00` என்று போட்டுவைத்திருந்தார்கள். சிலவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. இதற்கு ஒரு விதி எழுதி முடிக்க 2 நாள். அடுத்த 3,200 பதிவுகளில் ஒரே ஆள் இரண்டு எண்களில் இருந்தார். எதை வைத்துக்கொள்வது என்பதை நான் முடிவு செய்ய முடியாது. கேட்டு, நினைவூட்டி, பதில் வந்து, திருத்தி முடிக்க 6 நாள், அதில் என் கை வேலை ஒரு நாள்கூட இராது. கடைசி 1,800க்குத் தாய்க் கணக்கே இல்லை. தேடிப் பொருத்த 5 நாள்.

இதுவரை 13 நாள். மீதி 16 நாளும் "முடிந்துவிட்ட" 1,08,000 பதிவுகளுக்குப் போனவை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அதைப் பிறகு எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

பக்கம்270 · மார்ச் 5, இரவு 10.05

எனக்கு நிரல் தெரியாது, மொழிபெயர்ப்பு என் தொழில். ஆனால் இது என் கதை. 300 பக்க நூலில் 270 பக்கம் முடித்ததும் பதிப்பகத்துக்கு 90 சதவீதம் என்று எழுதினேன். கடைசி 30 பக்கம் வேகமாகவே போனது. ஆனால் 240ஆம் பக்கத்தில் ஒரு கலைச்சொல்லை மாற்றியிருந்தேன், அதற்காக முதல் பக்கத்திலிருந்து திரும்ப வர வேண்டியிருந்தது. பிறகு மூலத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பது, பிறகு மூலத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழாகப் படித்துத் திருத்துவது. முதல் வரைவு எனக்கு எப்போதும் பாதி வேலைதான். அப்படியென்றால் அன்று நான் முடித்திருந்தது பாதியில் 90 சதவீதம், அதாவது 45.

வெட்கமாக இருக்கிறது. இதை 11 நூல்களுக்குச் செய்திருக்கிறேன்.

மீதிக்கணக்கு · மார்ச் 6, காலை 6.40

பக்கம்270 ஒரே பத்தியில் சொல்லிவிட்டார். பக்கத்தை எண்ணுவது எளிது, அதனால் பக்கத்தை எண்ணினார். கீழ்வரி பதிவுகளை எண்ணினார். வேலை அந்த அலகில் ஓடவில்லை. 1,08,000 பதிவுகள் ஒரே விதியில் ஏறியவை. ஒரு பதிவுக்கு விதி எழுதினால் அந்த 1,08,000க்கும் எழுதினதுதான். நின்றுபோன 12,000க்கு மூன்று தனித்தனி விதிகள் தேவைப்பட்டன. பதிவுகளில் பத்தில் ஒன்பது, சிக்கல்களில் நான்கில் ஒன்று.

அந்தச் சும்மாபார்வை நண்பரைக் கேலி செய்ய வேண்டாம், அவர் தற்செயலாகச் சரியான இடத்தில் கால் வைத்தார். நகலெடுக்கும் பட்டையும் பெரும்பாலும் பைட்டுகளைத்தான் எண்ணுகிறது. பெரிய கோப்பு ஒன்று சடசடவென்று போய்விடும். அதே அளவுள்ள ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளுக்கு ஒவ்வொன்றையும் திறந்து மூடும் செலவு இருக்கிறது. தவிர, எழுதியாகிவிட்டது என்று பட்டை காட்டுவது நினைவகத்தில் நிற்கலாம், வட்டில் இறங்கியிருக்காது.

சும்மாபார்வை · மார்ச் 6, காலை 9.00

நன்றி. அணைத்துப் போட்டிருந்தால் கோப்பு போயிருக்கும் என்கிறீர்கள்.

மீதிக்கணக்கு · மார்ச் 6, காலை 9.05

ஆமாம். போடாதீர்கள்.

கீழ்வரி · மார்ச் 6, இரவு 11.30

விட்ட இடத்திலிருந்து. ஏறிய 1,08,000 பதிவுகளை நான் திறந்தே பார்க்கவில்லை. பிழை வரவில்லை, அதனால் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். 12,000இன் தொல்லை தீர்ந்த பிறகு, 25ஆம் நாள்தான் முதல்முறையாகப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கை ஒத்தது. நிலுவைத் தொகையின் கூட்டல் ஒக்கவில்லை. பழையதில் மூன்று தசம இடம், புதியதில் இரண்டு, ஏற்றும்போது ஒவ்வொன்றும் இரண்டு இடத்துக்குத் தோராயமாக்கப்பட்டிருந்தது. இது தெரிந்ததும் சந்தேகம் வந்து முகவரியைப் பார்த்தேன்.

```sql
SELECT COUNT(*) FROM customers
WHERE CHAR_LENGTH(address) = 60;
```

4,300 என்று வந்தது. புதிய அட்டவணையில் முகவரிக்கு 60 எழுத்து இடம். 59இல் முடியும் முகவரிகள் சில நூறு, 58இல் முடிபவை சில நூறு, சரியாக 60இல் மட்டும் 4,300. அத்தனை பேர் 60 எழுத்தில் வீடு கட்டியிருக்க முடியாது. எல்லாம் வால் அறுந்தவை. அந்தத் தரவுத்தளத்தில் கண்டிப்பு முறை அணைந்திருந்தது. அது இல்லாதபோது நீளமான எழுத்தை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கை மட்டும் காட்டும், நிரல் நிற்காது. எச்சரிக்கைகளை என் ஸ்கிரிப்ட் படிக்கவில்லை.

அட்டவணையை மாற்றி எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற 5 நாள். முழு ஒத்திகை பார்த்தால் 11 மணி நேரம் ஓடியது, எங்களுக்குக் கிடைக்கும் இரவு இடைவெளி 8 மணி நேரம். இன்டெக்ஸ்களை எடுத்துவிட்டு ஏற்றி, ஏற்றிய பிறகு கட்டும்படி மாற்ற 4 நாள். இரண்டாம் ஒத்திகை, பயன்படுத்துபவர்கள் பார்த்துச் சொல்வது, ஏதாவது ஆனால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி, இவற்றுக்கு 7 நாள். கூட்டினால் 16.

ஆக 41இல் 12 நாள் போயிருந்தபோது 90 என்றேன். உண்மை 29.

அரைக்கிணறு · மார்ச் 7, காலை 7.10

இதற்குத்தான் விதி இருக்கிறது. வேலையைத் துண்டுகளாக்குங்கள். தொடங்கிய துண்டுக்குப் பாதி மதிப்பெண், முடிந்ததும் மீதிப் பாதி. யாரும் மனம்போனபடி 90 என்று சொல்ல முடியாது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

மீதிக்கணக்கு · மார்ச் 7, காலை 8.20

பாதி சரி. 90 என்ற எண்ணை ஆள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறீர்கள், அது நல்லது. ஆனால் கீழ்வரியிடம் பத்துத் துண்டுகள் இருக்கின்றன என்று வையுங்கள். திங்கள் காலை பத்தையும் திறந்து ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுதினால் மதிய உணவுக்கு முன்பே 50 சதவீதம் முடித்தவர் ஆகிவிடுவார். ஆளுக்கு ஒன்று அல்லது இரண்டு துண்டுகள்தான் ஒரே நேரத்தில் திறந்திருக்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தால் உங்கள் விதி தாங்கும்.

நான் விரும்புவது இதைவிடக் கஞ்சத்தனமானது. முடிகிற வரை பூஜ்யம், முடிந்தால் நூறு. நடுவில் ஒன்றும் இல்லை. துண்டு மூன்று நாளைத் தாண்டக் கூடாது. முடிந்தது என்பதற்கு என்ன சான்று என்பதைத் துண்டைத் தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். "முகவரி ஏற்றம்" என்பது துண்டு அல்ல. "முகவரி ஏறி, பழையதோடு நீளம் ஒத்துப் பார்த்து வித்தியாசம் பூஜ்யம்" என்பது துண்டு. அப்படி எழுதியிருந்தால் அந்த 4,300 இரண்டாம் வாரத்திலேயே கண்ணில் பட்டிருக்கும்.

பக்கம்270 · மார்ச் 7, பகல் 1.15

எனக்கு அத்தியாயம்தான் துண்டு, ஓர் அத்தியாயம் மூன்று வாரம். மூன்று வாரம் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டிருந்தால் நான் தொழிலை விட்டுவிடுவேன்.

மீதிக்கணக்கு · மார்ச் 7, பகல் 2.00

அத்தியாயத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பக்கம், மூலத்தோடு ஒத்துப் பார்த்தது, அது ஒரு துண்டு. வரைவை நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள், வெளியே சொல்லாதீர்கள்.

பக்கம்270 · மார்ச் 7, பகல் 2.10

கலைச்சொல் மாறினால் முடிந்த துண்டு திரும்பத் திறக்குமே?

மீதிக்கணக்கு · மார்ச் 7, பகல் 2.25

திறக்கட்டும். நூறு போட்டதை பூஜ்யமாக்கி, காரணத்தையும் எழுதுங்கள். போன வாரம் 22, இந்த வாரம் 17 என்று வந்தால் படிப்பவருக்கு முகம் சுளிக்கும், ஆனால் அதுதான் செய்தி.

குழுப்பொறுப்பு · மார்ச் 8, மாலை 6.30

நான் மேசையின் அந்தப் பக்கம் உட்காருகிறவன், அடி விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். என்னிடம் ஒன்பது வேலைகள். எனக்கு மேலே இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கேட்கிறார், அவரிடம் முகவரி நீளம் பற்றிப் பேச முடியாது. சதவீதத்தை ஒழித்துவிட்டு நான் என்ன கொண்டுபோவது?

இன்னொன்று. யாரும் என்னிடம் 70 என்று சொல்வதில்லை. 40, பிறகு 60, பிறகு ஒரே தாவலில் 90. அப்புறம் வாரக்கணக்கில் 90, 92, 95.

கீழ்வரி · மார்ச் 8, இரவு 8.45

70 என்று சொன்னால் அடுத்த கேள்வி "மீதி 30 என்ன?" என்று வரும். 100 என்றால் "கொடு பார்க்கலாம்" என்பீர்கள். 90க்குக் கேள்வியும் வராது, கொடுக்கவும் வேண்டாம். அன்று மாலை நான் வகுத்துத்தான் 90 சொன்னேன், ஆனால் வகுத்து 74 வந்திருந்தால் வேறு எதையாவது எண்ணி 90க்கு வந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

மீதிக்கணக்கு · மார்ச் 8, இரவு 9.30

இது பழைய நோய். பெல் ஆய்வகத்தின் டாம் கார்கில் சொன்னதாக ஜான் பென்ட்லி 1985இல் தன் பத்தியில் ஒரு வரி எழுதினார்: நிரலின் முதல் 90 சதவீதத்துக்கு நேரத்தின் முதல் 90 சதவீதம் போகும், மீதி 10க்கு இன்னொரு 90 போகும். கூட்டினால் 180.

கீழ்வரி · மார்ச் 8, இரவு 9.40

என் கணக்கில் 20 நாளுக்கு 41, அதாவது 205. அவர் கருணையுள்ளவர்.

மீதிக்கணக்கு · மார்ச் 8, இரவு 10.20

குழுப்பொறுப்புக்கு. ஓர் எண் வேண்டுமென்றால் மீதி நாளைக் கேளுங்கள், முடிந்த பங்கைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் போன வாரத்து எண்ணிலிருந்து கழிக்காமல், இன்று புதிதாகத் தொடங்குகிறவர்போல எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் தனியாக நம்ப வேண்டாம், வரிசையாக வைத்துப் பாருங்கள். கீழ்வரி, அந்தக் குறிப்பேட்டில் ஒவ்வொரு வாரமும் மீதி எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்களா?

கீழ்வரி · மார்ச் 9, காலை 6.15

இருக்கிறது. 12ஆம் நாள் மீதி 3. 17ஆம் நாள் 4. 22ஆம் நாள் 4. 27ஆம் நாள் 5. 32ஆம் நாள் 5. 37ஆம் நாள் 3.

எழுதும்போதே கை கூசுகிறது.

மீதிக்கணக்கு · மார்ச் 9, காலை 7.50

கூச வேண்டாம், ஒவ்வொரு நாளும் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் உழைத்தால் மீதியில் 5 குறைய வேண்டும். உங்களுக்கு 12க்கும் 32க்கும் இடையில் 20 நாள் ஓடியது, மீதி 3இலிருந்து 5க்கு ஏறியது. முடியும் நாளைக் கணக்கிட்டால் 15இலிருந்து 37க்குப் போயிருக்கிறது. நாட்காட்டி 20 நகர்ந்தபோது முடியும் நாள் 22 நகர்ந்தது. துரத்திக்கொண்டே போகிறீர்கள், தூரம் கூடிக்கொண்டே போகிறது.

இரண்டாம் எண் வந்தபோதே, 17ஆம் நாளே, ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கும். ஏன் என்று தெரிந்திருக்காது. ஆனால் வாடிக்கையாளரிடம் தேதி சொல்லாமல் இருக்க அது போதும்.

அரைக்கிணறு · மார்ச் 9, காலை 8.30

அப்படியானால் நான் சொன்னதுபோல மீதியை இரண்டால் பெருக்கியிருந்தால்? 3க்கு 6.

மீதிக்கணக்கு · மார்ச் 9, காலை 8.35

18ஆம் நாள் என்று வரும். முடிந்தது 41. எதையும் பெருக்கலாம், பார்க்காத வேலையைப் பெருக்க முடியாது.

கீழ்வரி · மார்ச் 9, இரவு 10.40

நாள் முழுக்க இதே யோசனை. ஒரு மறுப்பு இருக்கிறது. முகவரி வெட்டுப்பட்டது 12ஆம் நாள் எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி நேர்மையாகச் சொல்வது? துண்டுப் பட்டியல் போட்டிருந்தாலும் நான் நினைத்த துண்டுகள்தானே அதில் இருக்கும்?

அன்றைய பட்டியலை நினைவிலிருந்து போட்டுப் பார்த்தேன். பத்துத் துண்டுகள். மீதிக்கணக்கு சொல்லும் சான்றோடு முடிந்தவை இரண்டு. அடுத்த வாரம் தேதி, இரட்டைப் பதிவு எல்லாம் சேர்ந்து 14 ஆகியிருக்கும், முடிந்தவை 6. பிறகு 17க்கு 9. சதவீதத்தில் சொன்னால் 20, 43, 53. இந்த வரிசையைப் பார்த்தால் யாருக்கும் மூன்று நாளில் முடியும் என்று தோன்றியிருக்காது. ஆனால் 10, 14, 17 என்று கீழ் எண் வளர்ந்ததைச் சதவீதம் விழுங்கிவிடுகிறது.

மீதிக்கணக்கு · மார்ச் 10, காலை 7.05

அதனால்தான் பின்னமாகவே எழுதுங்கள். "14இல் 6, போன வாரம் 10இல் 2, புதிதாக நான்கு வந்தன, அவை இவை." கீழ் எண் வளர்வது இன்னும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். அது இரண்டு வாரம் அசையாமல் நின்ற பிறகுதான் முடியும் தேதியைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் மறுப்புக்கு: வெட்டுப்பட்டது தெரியாது, சரி. ஒத்துப் பார்க்கவில்லை என்பது தெரியுமல்லவா? முழு ஒத்திகை ஓட்டவில்லை என்பது தெரியும். இரட்டைப் பதிவுக்கு இன்னொருவர் முடிவு சொல்ல வேண்டும் என்பது தெரியும். அன்று மாலை இப்படிச் சொல்லியிருக்கலாம்: "1,08,000 பதிவுகள் பிழையின்றி ஏறின, எதையும் இன்னும் பழையதோடு ஒத்துப் பார்க்கவில்லை. 12,000 நின்றுவிட்டன, மூன்று காரணங்கள், ஒன்றுக்கு விடை என் கையில் இல்லை. முழு ஓட்டம் எத்தனை மணி நேரம் என்று தெரியாது. கூட்டல் ஒத்துப் பார்த்த பிறகு, அடுத்த வாரம் தேதி சொல்கிறேன்."

இதில் தெரியாத எதையும் தெரிந்ததாகச் சொல்லவில்லை. இன்னொரு பழக்கமும் உதவும்: ஒத்துப் பார்ப்பதையும் ஒத்திகையையும் முதலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பதிவுகளை மட்டும் எடுத்து ஏற்றுவதிலிருந்து பயனர் பார்ப்பது வரை கடைசிவரைக்கும் கொண்டுபோயிருந்தால் ஐந்தாம் நாளே முகவரி மாட்டியிருக்கும்.

குழுப்பொறுப்பு · மார்ச் 10, இரவு 7.20

அந்தப் பதிலை என்னிடம் சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேன் என்று எழுதத்தான் வந்தேன். பிறகு யோசித்தேன். போன மாதம் ஒரு பெண் கிட்டத்தட்ட இதேதான் சொன்னார். "அது இருக்கட்டும், எத்தனை சதவீதம்?" என்று கேட்டேன். 85 என்றார். அதைக் குறித்துக்கொண்டேன், அவர் சொன்ன மற்றதைக் குறிக்கவில்லை.

மேலே அனுப்பும் தாளில் சதவீதக் கட்டம் இருக்கும்வரை நான் அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். சான்றோடு முடிந்த துண்டுகளை மட்டும் எண்ணி நிரப்பலாம் என்று நினைக்கிறேன். மற்ற குழுக்கள் 90 போடும்போது என் வரிசையில் 20 நிற்கும். அதை எத்தனை வாரம் தாங்குவேன் என்று தெரியவில்லை.

பக்கம்270 · மார்ச் 10, இரவு 8.00

இன்று பதிப்பகத்துக்கு எழுதினேன்: "30 துண்டுகளில் 9 ஒத்துப் பார்த்தாயிற்று, வரைவு இன்னும் ஓடுகிறது, மீதி 70 நாள் என்று இன்று நினைக்கிறேன்." உடனே தொலைபேசி வந்தது. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்கள்.

கீழ்வரி · மார்ச் 13, இரவு 9.55

புது வேலை வந்திருக்கிறது, பழைய விலைச்சீட்டுகளை மாற்ற வேண்டும். இன்று முதல் அறிக்கை அனுப்பினேன்: "8இல் 1. 500 சீட்டுகள் மட்டும் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன், கூட்டல் ஒத்தது. மொத்தத்தையும் ஓட்டவில்லை. ரத்தான சீட்டுகளை மாற்றுவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. மீதி 14 நாள்."

பதில் ஒரு வரி வந்தது. "சரி, சதவீதத்தில் எவ்வளவு?"

இன்னும் பதில் எழுதவில்லை. எட்டில் ஒன்று என்றால் 12.5 என்று போடலாம்தான். அந்த .5ஐப் பார்த்ததும் எல்லாம் அளந்துதான் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார்கள்.